வண்ணம் முதலில், சிமெண்ட் பிறகு

காரைக்குடியில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கையேடு போடுவதுதான் எங்கள் பிழைப்பு. கூட வேலை பார்க்கிறவர்கள் எழுதித் தருவதை நான் பார்த்து அச்சுக்கு அனுப்ப வேண்டும். சில பிரதிகளில் அங்கங்கே தட்டினால் போதும். சிலவற்றைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். இது எந்த வகை என்று முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் அந்த நம்பிக்கையைக் கெடுத்தது.

கல் செய்வதைப் பற்றி எழுதியவன் எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி. ஆத்தங்குடிக்குப் போய் இரண்டு நாள் பட்டறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து நான்கு பக்கம் எழுதியிருந்தான். பார்க்கவே சகிக்கவில்லை. ஒற்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. ஒரு வாக்கியம் ஆறு வரிக்கு ஓடியது. ‘பிறகு’ என்ற சொல் முதல் பக்கத்தில் மட்டும் பதினான்கு தடவை. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்முறையே தலைகீழாக இருப்பதாக எனக்குப் பட்டது. முதலில் வண்ணத்தை ஊற்றுகிறார்களாம், அதன் மேல் காய்ந்த கலவையைத் தூவுகிறார்களாம், கடைசியில் ஈரச் சிமெண்ட் போடுகிறார்களாம். அடித்தளம் போடாமல் யாராவது வண்ணம் அடிப்பார்களா?

பேனாவை எடுத்தேன், முழுதாகத் திருப்பி எழுதினேன். சிமெண்ட் கலவையை அச்சில் போட்டுச் சமன் செய்து, அதன் மேல் வண்ணங்களை ஊற்றி, வாக்கியங்களை அழகாக உடைத்து, ‘பிறகு’களை எல்லாம் களைந்து, ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டேன். படித்தால் தண்ணீர் மாதிரி ஓடியது.

தம்பி படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மெதுவாக, “அக்கா, நல்லா இருக்கு. ஆனா கல்லு இப்படிச் செய்யறதில்லையே” என்றான்.

ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல்தான் வார்க்கிறார்கள். கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறைக்குள்ளும் குழம்பாகக் கரைத்த வண்ணத்தை ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கினால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. மேலே மணலும் சிமெண்டும் கலந்த காய்ந்த பொடியைத் தூவுவது ஈரத்தை இழுப்பதற்கு. அதற்கு மேல் கெட்டியான சிமெண்ட் கலவை, கரண்டியால் சமன். உலர்ந்ததும் சில நாள் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். சூளைக்கு வேலையே இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த பக்கம்தான் தரையில் மேலே தெரியும் பக்கம். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

தம்பி பார்த்ததைப் பார்த்த வரிசையில் எழுதியிருந்தான். அவன் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: கீழே இருக்கும் பக்கம் பின்னால் மேலே வரும் என்பது. பட்டறையில் இரண்டு நாள் இருந்தவனுக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். எனக்குத் தெரியாததால் அவன் குழப்புகிறான் என்று முடிவு கட்டினேன். வரிசை விசித்திரமாகப் பட்டபோதே ‘ஏன் இப்படி?’ என்று ஓரத்தில் கேள்வி போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். என் பிரதியைக் கிழித்துவிட்டு அவனுடையதை எடுத்தேன். அந்த ஒரு வாக்கியத்தைத் தொடக்கத்தில் சேர்த்தேன், ஒற்றுகளைச் சரி செய்தேன், நீளமான வாக்கியங்களை வெட்டினேன். ‘பிறகு’களில் ஐந்தை விட்டுவைத்தேன். செய்முறைக்கு அவை வேண்டியிருந்தன.

இன்று யோசித்தால், அடையாளம் அன்றே என் கண் முன்னால் இருந்திருக்கிறது. அவன் செய்த தப்பு நூறு இருந்தாலும் வகை மூன்றுதான். ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்தால் அது கைப்பழக்கம். பேனாவோடு உட்கார்ந்தால் போய்விடும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்து வாக்கியம் குலைவதில்லை.

அதே கையேட்டில் வீடுகளைப் பற்றிய பகுதி வேறு ரகம். அதை எழுதியவர் என்னைவிட மூத்தவர், நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். எழுத்துப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. முகப்பு, நடு முற்றமுள்ள வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாகப் போனார். பர்மா தேக்கு, இத்தாலியப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் எல்லாம் இருந்தன. முந்தின அடியை நினைத்து, நானும் ஒரு சொல்லை இங்கே ஒரு சொல்லை அங்கே மாற்றி இரண்டு பக்கம் ஓட்டினேன். மூன்றாம் பக்கத்தில் சலிப்புத் தட்டியது. எதைத் தொட்டாலும் நன்றாக ஆகவில்லை, தொடாவிட்டாலும் நன்றாக இல்லை.

பேனாவை மூடினேன். ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று பென்சிலால் ஓரத்தில் ஒரே வரி எழுதிப் பார்த்தேன். ஏழு பத்தி. நான்கின் ஓரத்தில் ‘பெரிய வீடு, உயர்ந்த பொருள்’ என்றே எழுத வேண்டியிருந்தது. மூன்றாம் பத்தியையும் ஐந்தாம் பத்தியையும் இடம் மாற்றினேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏழாவது பத்தியின் கடைசிக்கு முந்தின வரியில், போகிற போக்கில், கல்யாணமான ஆண் மகன் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி, புள்ளிக்கு ஓர் அறை, தனிச் சமையல் என்று இருந்தது.

விஷயமே அங்கேதான் இருந்தது. வளவைச் சுற்றி ஏன் ஒரே மாதிரி அறைகள் வரிசையாக நிற்கின்றன, ஒரே கூரைக்குள் ஏன் பல அடுப்புகள் எரிந்தன என்று வருகிறவர் கேட்கிற கேள்விக்கு அந்த ஒரு வரிதான் பதில். அதைத் தூக்கி முதலில் வைத்தால் கீழே உள்ள ஆறு பத்தியும் அதே இடத்தில் நிற்காது. தேக்கும் பளிங்கும் சுருங்க வேண்டும், வளவு விரிய வேண்டும், இரண்டு பத்தி காணாமல் போக வேண்டும். இதைச் சொல் மாற்றிச் செய்ய முடியாது. எழுதியவருக்கே தான் என்ன சொல்ல வந்தோம் என்பது கடைசியில்தான் பிடிபட்டிருக்கிறது. இப்படிக் கடைசிப் பக்கத்தில் உயிர் வந்த பிரதிகளை அதன் பின் நிறையப் பார்த்துவிட்டேன்.

இந்தத் தடவை நான் எழுதவில்லை. மூத்தவரிடம் போய் ‘திரும்ப எழுதுங்கள்’ என்று சொல்வதும் சுலபமில்லை. ஓர வரிகளை மட்டும் தனித்தாளில் எழுதி நீட்டினேன்.

படித்துவிட்டுச் சிரித்தார். “நாலு தடவை ஒரே பாட்டைப் பாடியிருக்கேனா?”

“இந்தப் புள்ளி கதையை மொதல்ல சொன்னா எப்படி இருக்கும்னு பாருங்கய்யா.”

“அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா.”

“வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாதுங்கய்யா. எனக்கே கல்லு விஷயம் தெரியாமப் போச்சே.”

மூன்று நாள் கழித்து நான்கு பத்தி கொண்டு வந்தார். பர்மா தேக்குக்கு ஒரு வாக்கியம்தான் மிஞ்சியிருந்தது. அந்த அடுப்புகளில் சமைத்த ஆச்சிகளைப் பற்றிப் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தார். அடுப்பு தனித்தனி, குழம்பு மட்டும் கிண்ணத்தில் கை மாறும் என்று. அதில் ஒரு காற்புள்ளியை எடுத்தேன். அப்புறம் யோசித்து, திரும்ப வைத்துவிட்டேன்.