கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடியபோது நோட்டுப் புத்தகம் சொன்னது

கோவையில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் அலுவலகப் பொறுப்பைப் பார்க்கிறேன். கணக்குக்கு ஒரே ஒருவர்தான். அந்த இடத்துக்கு ஆள் தேவைப்படும்போதெல்லாம் பழைய விளம்பரத்தையே எடுத்துத் தேதியை மட்டும் மாற்றிப் போடுவோம். பி.காம் அல்லது எம்.காம், ஐந்து வருட அனுபவம், டாலி, எக்செல், ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப், ஈஎஸ்ஐ, ஏற்றுமதி ஆவணங்கள், சரளமான ஆங்கிலம், டூவீலர் லைசென்ஸ், பெண்கள் மட்டும், 30 வயதுக்குள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் ஒரு வரியைச் சேர்த்து, எதையும் யாரும் எடுக்காமல் வளர்ந்த பட்டியல் அது. ஏற்றுமதியை முதலாளி சேர்த்தார். நாங்கள் இதுவரை ஒரு பெட்டிகூட வெளிநாட்டுக்கு அனுப்பியதில்லை.

போன வருடம் அந்தப் பட்டியலுக்கு அப்படியே பொருந்துகிற ஒரு பெண் கிடைத்தார். எம்.காம், பெரிய மில்லில் ஆறு வருட அனுபவம். நான்காவது மாதமே ராஜினாமா கொடுத்தார். காரணம் கேட்டபோது, “மேடம், வேலை தெரியாம நான் போகல. பாதி நாள் போன்லயே பேசணும்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன்” என்றார். எனக்கு அது உறைத்தது. எங்கள் விளம்பரத்தில் போன் என்ற சொல்லே இல்லை.

அவருடைய நோட்டீஸ் மாதம் முழுவதும் ஒரு நோட்டுப் புத்தகத்தை அவர் மேசையில் வைத்தேன். அரைமணிக்கு ஒருமுறை, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாரோ அதை ஒரு வரியில் எழுதச் சொன்னேன். ‘ஜிஎஸ்டி வேலை’ என்று எழுதக்கூடாது. ‘இரும்பு வார்ப்பு சப்ளையரின் பில்லை டாலியில் ஏற்றினேன்’ என்று செய்த செயலாக எழுத வேண்டும். மாதம் முழுவதும் எழுதியதுதான் முக்கியம். ஏனென்றால் கணக்கு வேலைக்கு மாதத்தின் எல்லா நாளும் ஒரே முகம் கிடையாது. முதல் வாரத்தை மட்டும் பார்த்திருந்தால் பில் ஏற்றுவதுதான் வேலை என்று முடிவு கட்டியிருப்பேன்.

14ஆம் தேதி வந்ததும் நோட்டுப் புத்தகம் மாறியது. அன்றுதான் GSTR-2B என்ற மாதப் பட்டியல் உருவாகும். நம் சப்ளையர்கள் அரசு போர்ட்டலில் ஏற்றிய பில்கள் எல்லாம் அதில் தெரியும். அதை எங்கள் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, 20ஆம் தேதிக்குள் GSTR-3B என்ற மாதக் கணக்கைத் தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும். சப்ளையர் ஏற்றாத பில்லுக்கு அந்த மாதம் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, அதாவது அந்த பில்லில் கொடுத்த வரியை நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியாது. அந்த மாதம் ஒரு வார்ப்பு சப்ளையரின் 1,50,000 ரூபாய் பில் விடுபட்டிருந்தது. அதற்கு 18 சதவீத வரி, 27,000 ரூபாய். சப்ளையருக்கு நாங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்ட அந்த வரிக்கு ஈடாக, இன்னொரு 27,000 ரூபாயைக் கையிலிருந்து கட்ட வேண்டிய நிலை. அந்தப் பெண் அவருக்கு மூன்று நாளில் ஐந்து முறை போன் செய்திருக்கிறார். கடைசியில், அவர் எங்கள் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதிலாக வேறொருவரின் எண்ணைப் போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. அடுத்த மாதம் அவர் திருத்தித் தாக்கல் செய்த பிறகே எங்களுக்கு அந்தத் தொகை கிடைத்தது. அந்த ஒரு வாரத்தில் பாதி நேரம் இப்படிப்பட்ட போன் பேச்சுதான். 20ஆம் தேதிக்குப் பிறகு, பணம் தர வேண்டிய டீலர்களை அழைத்துக் கேட்கிற போன் தொடங்கியது.

மாதம் முடிந்ததும் உட்கார்ந்து, விளம்பரத்துக்கான வேலை விவரத்தை எழுதினேன். முதல் வரைவில் 34 வரிகள் வந்தன. செய்ததையெல்லாம் அப்படியே இறக்கி வைத்திருந்தேன். படிக்கிறவருக்கு எது பெரிய வேலை, எது சின்ன வேலை என்று தெரியாது. ஆகவே நேரம் அதிகம் எடுப்பதை மேலே வைத்து, ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்து ஆறாகக் குறைத்தேன். ‘ஜிஎஸ்டி பணிகளைக் கவனித்தல்’ என்று இருந்தது இப்படி ஆனது: ‘ஒவ்வொரு மாதமும் 14 முதல் 20ஆம் தேதிக்குள் GSTR-2B-யை எங்கள் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்காகச் சப்ளையர்களைப் போனில் அழைத்துச் சரிசெய்ய வைப்பது. இந்த வாரத்தில் நாளில் பாதி நேரம் போனில் போகும்.’ ‘பிற பணிகள்’ என்ற வரியை எடுத்துவிட்டு, ஸ்டோர் தம்பி லீவு போட்டால் வெளியே போகும் சரக்குக்கு இ-வே பில் போடுவது என்று நேராகவே எழுதினேன்.

அப்புறம்தான் தகுதிகளுக்கு வந்தேன். ஒவ்வொன்றுக்கும் முதலாளியிடம் இரண்டு கேள்வி கேட்டேன். நோட்டுப் புத்தகத்தில் எந்த வரிக்கு இது தேவை? முதல் மாதத்தில் நாமே சொல்லித்தர முடியுமா? டிடிஎஸ், பிஎஃப், ஈஎஸ்ஐ மூன்றும் முதல் கேள்வியிலேயே விழுந்தன. அவற்றை ஆடிட்டர் ஆபீஸ் பார்க்கிறது. நாங்கள் சம்பளப் பட்டியலை அனுப்பினால் போதும். காசோலையை டிரைவர்தான் வங்கியில் போடுகிறார், ஆகவே லைசென்ஸ் வேண்டாம். ஆங்கிலம் படித்துப் புரிந்தால் போதும், பேச்செல்லாம் தமிழில்தான். பெண்கள் மட்டும், 30 வயது என்ற இரண்டுக்கும் நோட்டில் ஒரு வரிகூட ஆதாரம் இல்லை. அவற்றை எடுக்க முதலாளி தயங்கினார், நான் விடவில்லை.

இ-வே பில் இரண்டு நாளில் பழகிவிடும். ஆனால் பதிவேட்டை ஒப்பிடும் வேலை மாதம் ஒருமுறைதான் வரும். தப்புச் செய்து திருந்துவதற்கு வருடத்தில் 12 வாய்ப்புதான். ஆகவே அது தெரிந்தவராகவே வர வேண்டும் என்று முடிவு செய்தேன். ‘ஐந்து வருட அனுபவம்’ என்பது ‘ஒரு வருடமாவது இந்த ஒப்பிடும் வேலையைத் தானே செய்திருக்க வேண்டும்’ என்று மாறியது. டாலியில் கொள்முதல், விற்பனை பில் ஏற்றத் தெரிவதும் அவசியம், ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர இங்கே வேறு ஆள் இல்லை. மூன்றாவது, தெரியாதவரிடம் போனில் பொறுமையாகவும் விடாமலும் பேசுவது. அவசியத் தகுதிகள் இந்த மூன்றுதான். பி.காமை ‘இருந்தால் நல்லது’ என்று கீழே வைக்கலாம் என்றார் முதலாளி. அப்படி எழுதினாலும் படிக்கிறவர்கள் அதைக் கட்டாயமாகவே எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள் என்று சொல்லி நீக்கினேன். சம்பள வரம்பையும் வேலை நேரத்தையும் சேர்த்தோம்.

முன்பு 60 விண்ணப்பம் வரும். இந்த முறை 14தான் வந்தது. ஆனால் வந்தவர்களில் பாதிப்பேர் அந்தப் போன் வேலையைப் பற்றியே கேட்டார்கள். நேர்முகத்தில் 20 பில்களும் ஒரு GSTR-2B நகலும் கொடுத்து, பொருந்தாத நான்கைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். பிறகு நானே சப்ளையராக இருந்து, “அடுத்த வாரம் பார்க்கலாம்மா” என்று தட்டிக்கழித்துப் பேசினேன். மருந்து மொத்த வியாபாரக் கடையில் இரண்டு வருடம் இருந்த ஒரு பெண், குரலை உயர்த்தாமல், “சரிங்க, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நானே கூப்பிடுறேன், பில் நம்பரை எழுதிக்கோங்க” என்றார். அவருக்குப் பட்டம் கிடையாது, ப்ளஸ் டூ வணிகவியல்தான். அவரையே எடுத்தோம்.

எட்டு மாதமாக இருக்கிறார். மூன்றாவது மாதம் அவரிடம் அந்த வேலை விவரத் தாளைக் கொடுத்து, இதில் எது பொய், எது விடுபட்டிருக்கிறது என்று கேட்டேன். டீலர்கள் திருப்பி அனுப்பும் சரக்குக்குக் கிரெடிட் நோட் போடுவது வாரத்தில் மூன்று மணி நேரம் எடுக்கிறது, அது எங்கேயும் இல்லை என்றார். நோட்டில் தேடிப் பார்த்தேன். முந்தைய பெண் அதை ‘பில் திருத்தம்’ என்று எழுதியிருந்தார். இப்போது அது ஏழாவது வரியாகச் சேர்ந்திருக்கிறது.