முதல் புரோகிரசிவ் கண்ணாடி, இருபதாம் நாள்

முதல் வாரம் குறுக்குத்துறை படித்துறையில் இறங்கும்போது படிகள் மிதந்தன. இந்த லென்ஸில் மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி வாசிக்கிற பவர். அதனால் நாடியைத் தாழ்த்தி, மேல்பகுதி வழியாகப் படியைப் பார்க்க வேண்டும். ஓரங்கள் மங்கல்தான், கண்ணை மட்டும் ஓட்டாமல் முகத்தையே திருப்பணும். இதெல்லாம் இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

ஒன்று மட்டும் பழகவே இல்லை. தூரத்து பஸ் போர்டு தெரிய, சமதரையிலும் தலையைக் குனிய வேண்டியிருந்தது. கழுத்து வலி வேறு. கடையில் நேராகப் பார்க்கச் சொல்லி, லென்ஸில் கண்மணிக்கு நேரே வரவேண்டிய குறியைப் பேனாவால் போட்டுப் பார்த்தார்கள். 3 மில்லிமீட்டர் மேலே இருந்தது! மூக்குத் தாங்கியை விரித்துக் கண்ணாடியை இறக்கியும் போதவில்லை. அப்புறம் அதே பவரில், உயரம் திருத்தி, வேறு லென்ஸ் போடச் சம்மதித்தார்கள். வாசிக்க நாடியை ரொம்பத் தூக்க வேண்டியிருந்தால் குறி கீழே இருக்கலாம்; அதையும் இப்படியே பார்க்கச் சொல்லுங்க.