மண் சுவரும் இறவாரமும்

கட்டுமான மேற்பார்வையில் இருந்துகொண்டே நிலைத்த வடிவமைப்புப் பாடமும் நடத்துவதால், பழைய கிராமத்து வீடுகளிலிருந்து எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற கேள்வியை மாணவர்களிடமிருந்து அடிக்கடி எதிர்கொள்கிறேன். பெரும்பாலோர் மண் என்ற பொருளைத்தான் பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் பாடம், அந்த மண்ணை மழையிலிருந்து காத்த அமைப்பில் இருக்கிறது.

விழுப்புரம் பக்கத்துச் செம்மண் பகுதியில் பழைய மண் வீடு ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். வைக்கோல் கலந்து மிதித்துக் குழைத்த மண்ணைப் படைபடையாக வைத்து, ஒரு படை காய்ந்த பிறகே அடுத்த படையை ஏற்றியிருப்பார்கள். கூரையின் இறவாரம் சுவரை விட்டு வெகுதூரம் வெளியே இறங்கியிருக்கும். தரையில் விழும் மழை தெறித்துச் சுவரின் அடியைக் கரைக்காதபடி திண்ணை தடுத்து நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் சாணமும் மண்ணும் கலந்து மெழுகுவார்கள். இவற்றில் ஒன்றை நீக்கினாலும் சுவரின் ஆயுள் குறைந்துவிடும்.

அப்படி நீக்கப்பட்ட வீடு ஒன்றைச் சீர்செய்ய என்னை அழைத்தார்கள். அழுத்தப்பட்ட மண் கற்களால் கட்டிய அந்த வீட்டுக்கு இறவாரமில்லாத தட்டையான கான்கிரீட் தளம் போட்டிருந்தார்கள். வடகிழக்குப் பருவமழையில் வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் நனைந்து அரிக்கத் தொடங்கியதும் வெளியே சிமெண்ட் பூச்சு பூசியிருந்தார்கள். மயிரிழை விரிசல்கள் வழியே உள்ளே போன நீர் பூச்சைத் தாண்டி வெளியேற வழியில்லாமல் தங்கிவிட்டது. விரல் மூட்டால் தட்டியபோது பூச்சு பொள்ளென்று ஒலித்தது. சுவரடியில் வெள்ளை உப்பு பூத்திருந்தது. பூச்சைப் பெயர்த்தால் பின்னால் இருந்த கல் கையோடு உதிர்ந்தது. உதிர்ந்த கற்களை மாற்றி, சுண்ணாம்புப் பூச்சு பூசி, அந்த இரண்டு பக்கமும் ஓட்டுத் தாழ்வாரம் இறக்கினோம்.

இதன் கரிமக் கணக்கை வகுப்பில் ஒரு 360 சதுர அடி வீட்டை வைத்துப் போட்டுக் காட்டுவேன். வெளிச்சுவர்கள் ஏறத்தாழ 15 கனமீட்டர் வரும். அதற்கு வேண்டிய மண் கற்களின் எடை சுமார் 25 டன். அதில் 5 விழுக்காடு சிமெண்ட் சேர்த்தால் 25 மூட்டை ஆகும். அது வெளிவிடும் கரியமில வாயு சுமார் 1 டன். அதே சுவரைச் சூளைச் செங்கல்லால் கட்டினால் 7,500 கற்கள் வேண்டும். அவற்றை நிலக்கரியில் சுட இரண்டு டன்னுக்கு மேல் கரி எரியும். அதன் கரியமில வாயு ஏறத்தாழ 4 டன். இந்த வித்தியாசம் பெரியது. ஆனால் மழைக்குப் பயந்து சிமெண்டை 10 விழுக்காடாக உயர்த்தி, இரு பக்கமும் சிமெண்ட் பூச்சும் பூசினால், மொத்தம் 60 மூட்டை ஆகிவிடும். கரியமில வாயு 1 டன்னிலிருந்து 2.4 டன்னாக ஏறுகிறது. செலவும் சேர்ந்து ஏறுகிறது. இறவாரத்தை விட்ட குறையைத்தான் அந்தக் கூடுதல் சிமெண்ட் ஈடுசெய்யப் பார்க்கிறது.

அப்படியானால் கான்கிரீட் தளத்தையே நான்கு புறமும் இரண்டரை அடி நீட்டிவிடலாமே என்று யாரேனும் கேட்பார்கள். நீட்டினால் 220 சதுர அடி தளம் கூடுகிறது. அதற்கே 14 மூட்டைக்குமேல் சிமெண்டும், அதோடு கம்பியும் வேண்டும். மிச்சப்படுத்தியதில் பெரும்பகுதி அங்கே போய்விடும். எனவே மழை சாய்ந்து அடிக்கும் பக்கங்களில் மட்டும், மரச் சட்டத்தின் மேல் ஓடு வேய்ந்த தாழ்வாரம் போதும் என்பது என் முடிவு. மற்றப் பக்கங்களில் ஒன்றரை அடி உயரக் கருங்கல் அடிமட்டமும், சன்னல்களுக்கு மேல் சிறிய மழைமறைப்பும் இருந்தால் பூச்சில்லாத சுவர் தாங்கும். பழைய வீட்டில் கூரை முழுவதும் இலேசாக இருந்ததால்தான் இறவாரம் ஏறக்குறையச் செலவின்றிக் கிடைத்தது.

மண்ணைத் தேர்ந்தெடுப்பதிலும் பழைய கொத்தனார்களின் கவனம் வேண்டும். கண்ணாடிக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்கு நீரும் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் விட்டால், அடியில் மணலும் நடுவில் வண்டலும் மேலே களியும் படியும். பாதிக்குமேல் மணலும் சரளையும், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் களியும் இருந்தால் அந்த மண் கல்லுக்கு ஏற்றது. கரிசல் மண்ணில் களி மிகுதி. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதற்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்பே பொருந்தும். ஆனால் சுண்ணாம்பு இறுக வாரக்கணக்கில் ஈரம் காக்க வேண்டும். சிறிய வேலைகளில் அந்தப் பொறுமை பெரும்பாலும் கிடைப்பதில்லை. செம்மண்ணை வெகுதூரத்திலிருந்து லாரியில் கொண்டுவந்தால் டீசல் கணக்கில் ஏறும். அத்தகைய இடங்களில், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டுமானத்தில் உள்ளூர்ச் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டுக் கட்டினால் கற்களில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். கரிசல் நிலத்துத் திட்டங்களுக்கு மண் கல்லை வற்புறுத்தாமல் இதையே நான் பரிந்துரைக்கிறேன்.