ஆன்லைன் விற்பனையாளருக்கு வீட்டுல இருந்தே ஜிஎஸ்டி ரிட்டர்ன் ரெடி பண்றது

ஈரோட்டுல பெட்ஷீட் விக்கிற ஒருத்தருக்கு நான் திருச்சில இருந்தே பில், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் பாத்து கொடுக்கறேன். முதல் மாசம் அவர் அனுப்புனது பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும்தான். "அண்ணா, அக்கவுன்ட்ல வந்தது இவ்ளோதானுங்க, இதுதானுங்களே சேல்ஸ்"னு கேட்டார். நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க, ஆனா பேங்க்ல வர்றது சேல்ஸ் கிடையாது.

அவரோட ஒரு ஆர்டரையே எடுத்துக் காட்டினேன். கஸ்டமர் கொடுத்தது 840 ரூபா, அதுல 800 சரக்கு விலை, 40 ஜிஎஸ்டி (5%). மார்க்கெட்பிளேஸ் கமிஷனும் ஷிப்பிங்கும் 120, அதுக்கு 18% ஜிஎஸ்டி 21.60, அப்புறம் மார்க்கெட்பிளேஸே முன்கூட்டி புடிக்கற வரியான டிசிஎஸ் 800க்கு 0.5%, 4 ரூபா, இதெல்லாம் புடிச்சது போக கைக்கு வந்தது 694.40. ஆனா விற்பனையைக் காட்டற GSTR-1 ரிட்டர்ன்ல 800ம் 40ம்தான் போகணும். 694.40ஐ வச்சு போட்டா சேல்ஸ் குறைஞ்சு போகும், மார்க்கெட்பிளேஸ் போடற GSTR-8 கணக்கோட ஒத்துப்போகாது, நோட்டீஸ் வர்றதுக்கு அதுவே போதும்.

அந்த 21.60 வீணாப் போகாது, நமக்கு மத்தவங்க போட்ட பில் லிஸ்ட்டான GSTR-2Bல வந்திருந்தா இன்புட்டா எடுத்து, கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம். டிசிஎஸ் 4 ரூபாயை மட்டும் போர்ட்டல்ல TDS and TCS credit received போய் அக்செப்ட் பண்ணி ஃபைல் பண்ணாத்தான் கேஷ் லெட்ஜருக்கு வரும், இதை பல பேர் தொடவே மாட்டாங்க, பணம் சும்மா கிடக்கும். துணி வாங்குன இன்புட்டை விட்டுட்டு பாத்தா இந்த ஆர்டருக்கு கையில இருந்து கட்ட வேண்டியது 14.40தான்.

நான் சரிபார்க்கிற வழி சிம்பிள்: அந்த மார்க்கெட்பிளேஸ் பிடிச்ச மொத்த டிசிஎஸ்ஸை 200ஆல பெருக்கினா திரும்பி வந்த சரக்கைக் கழிச்ச டாக்ஸபிள் சேல்ஸ் வரணும். வரலைன்னா முதல்ல நான் பாக்கறது போன மாசம் வித்து இந்த மாசம் திரும்பி வந்த சரக்கைத்தான். அவருக்கும் அதுலதான் இடிச்சுது, திரும்பி வந்ததை மாநிலம் வாரியா கழிச்சதும் ஒத்துப்போச்சு.

வாட்ஸ்அப்ல நேரா வர்ற ஆர்டர் எந்த மார்க்கெட்பிளேஸ் ரிப்போர்ட்லயும் இருக்காது, அதுக்கு தனி பில் சீரிஸ் போட்டுக் கொடுத்திருக்கேன், நம்பர் 16 எழுத்தைத் தாண்டக் கூடாது.

மாசாமாசம் ஃபைல் பண்றவங்களுக்கு என் செக்லிஸ்ட் இதான்:

5ஆம் தேதி: மார்க்கெட்பிளேஸ் டாக்ஸ் ரிப்போர்ட், திரும்பி வந்த சரக்கு ரிப்போர்ட், வாட்ஸ்அப் பில், பர்ச்சேஸ் பில் வந்துடணும்
10: GSTR-1 (கடைசி நாள் 11)
14க்கு அப்புறம்: 2B பாத்து கமிஷன் பில் வந்திருக்கான்னு டிக், டிசிஎஸ் அக்செப்ட்
18: வரி கட்டி போடற GSTR-3B (கடைசி நாள் 20)

ஓடிபி அவர் ஃபோனுக்குத்தான் போகும், அதனால 10, 18 ரெண்டு நாளும் சாயங்காலம் எத்தனை மணிக்குன்னு முன்னாடியே பேசி வச்சுக்கறோம், அவர் லூம்ல நின்னுட்டு இருந்தா அந்த சத்தத்துல ஃபோன் அடிக்கறது கேக்காது.