கடைசி வரியை எழுதிப் பாருங்கள்: விரிதாள் சூத்திரத்தைக் கையால் சரிபார்ப்பது

சாதாரண தரத்தில் ஐ.சி.ரி. எடுத்த காலத்தில், உவர்மலையில் ரியூசனுக்குப் போவேன். சேர் தரும் பயிற்சித்தாளில் விரிதாள் கணக்குகளைப் பேனாவால்தான் எழுத வேண்டும். ஒருமுறை சூத்திரம் எல்லாம் சரி என்று நம்பிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் சேர் சிவப்பு மையால் "E7ஐ எழுதிப் பார்" என்று மட்டும் எழுதியிருந்தார். நான் பிழை விட்ட இடம் அந்த ஒரு வரியில் தெரிந்தது.

கணக்கு எங்களூர் மீன் சந்தைக் கணக்கு. B1இல் கமிசன் வீதம் 5%. இரண்டாம் வரி வெறுமை. மூன்றாம் வரியில் தலைப்புகள்: மீன், ஒரு கிலோ விலை, எடை, தொகை, கமிசன். நான்காம் வரியிலிருந்து மீன்கள். சூரை 900 ரூபாய், 20 கிலோ. பாரை 1400 ரூபாய், 10 கிலோ. கீரி 500 ரூபாய், 30 கிலோ. இறால் 2000 ரூபாய், 6 கிலோ. D4இல் `=B4*C4` எழுதிக் கீழே நகல் செய்தால் 18000, 14000, 15000, 12000 வரும். அதில் பிரச்சினை இல்லை. கமிசனுக்கு E4இல் நான் எழுதியது இது:

```
=D4*B1
```

விடை 900. சரியான விடைதான். அதனால்தான் ஏமாந்தேன். முதல் வரியை மட்டும் பார்த்தால், முகவரியை நகராமல் பிடித்து வைக்கும் `$` விடுபட்டது தெரியவே தெரியாது, ஏனென்றால் சூத்திரம் இன்னும் நகரவில்லை. இதையே E7 வரை நகல் செய்தால் கணினி எழுதுவது இதுதான்:

```
E5  =D5*B2
E6  =D6*B3
E7  =D7*B4
```

வரி ஒன்று இறங்கும்போது `$` இல்லாத வரி எண் ஒவ்வொன்றும் ஒன்று கூடுகிறது. D கூடுவது நமக்கு வேண்டியது, B1 கூடுவது வேண்டாதது. B2 வெறுமை என்பதால் E5இல் 0 வரும். B3இல் "ஒரு கிலோ விலை" என்ற எழுத்து இருப்பதால் E6இல் `#VALUE!` வரும். E7இல் இறாலின் தொகை சூரையின் விலையால் பெருகி 1,08,00,000 ஆகும். ஆறு கிலோ இறாலுக்கு ஒரு கோடிக்கு மேல் கமிசன்! இங்கே தொகை பெரியது என்பதால் கண்ணில் படுகிறது. B4இல் சிறிய எண் ஏதும் இருந்திருந்தால், பிழையான விடை சரியான விடை போலவே உட்கார்ந்திருக்கும். பிழைச் செய்தி காட்டும் கலத்தை விட இதுதான் ஆபத்து.

திருத்தம் `=D4*$B$1`. இப்போது E7 `=D7*$B$1` ஆகும், விடை 600. நான்கு கமிசன்களையும் கூட்டினால் 2950. மொத்தத் தொகை 59000இன் 5 வீதமும் அதேதான். இப்படி வேறு வழியால் ஒருமுறை கூட்டிப் பார்ப்பதைப் பயிற்சித்தாளின் ஓரத்திலேயே செய்துவிடலாம்.

இந்தப் பிழைக்குப் பயந்து சிலர் எல்லாவற்றுக்கும் `$` போடுவார்கள். கணினியில் `$` போட F4 விசையை அழுத்திப் பழகியவர்களுக்கு இது அதிகம். `=$D$4*$B$1` என்றால் நான்கு வரியிலும் 900 தான் வரும். ஒரு நிரல் முழுவதும் ஒரே எண் வந்தால் நகர வேண்டியதைக் கட்டிப்போட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

`B$1` என்று எழுதினால் பிழையா என்று தங்கச்சி கேட்டாள். கீழே மட்டும் நகல் செய்யும் கணக்கில் அதுவும் சரியான விடை தரும், ஏனென்றால் எண்ணுக்கு முன்னால் உள்ள `$` வரியைப் பிடித்து வைக்கிறது. `$B1` பிழை. அது நிரலை மட்டும் பிடிக்கும், வரி நகர்ந்துவிடும். ஆனால் வினாவில் அப்சலூட் முகவரி என்று கேட்டிருந்தால் இரண்டு `$` குறியும் போடுங்கள், அதுதான் கேட்ட விடை. `=D4*5%` என்று எழுதுவதும் எனக்குச் சம்மதமில்லை. எண் சரியாக வரும், ஆனால் B1இல் வீதத்தை 6% ஆக்கினால் கமிசன் அசையாது.

கையெழுத்தில் இன்னும் இரண்டு விடயம் பாருங்கள். பெருக்கலுக்கு × போட்டுவிடுவது நம் கணிதப் பாடத்துப் பழக்கம், இங்கே `*` வேண்டும். `=SUM(D4:D7)` என்பதில் முக்காற்புள்ளி அவசரத்தில் காற்புள்ளி போல விழுந்தால் D4உம் D7உம் மட்டும் கூடி 30000 வரும், 59000 வராது.

இப்போது அந்தத் தாளையே எடுத்து D8இல் கூட்டுத்தொகை எழுதுங்கள். ஒவ்வொரு மீனும் மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதை F நிரலில் கணியுங்கள். F4ஐ எழுதியதும் நேரே F7க்குப் போய் அங்கே என்ன சூத்திரம் நிற்கும் என்று எழுதுங்கள். அதில் D8க்குப் பதில் D11 வந்திருந்தால், அந்தக் கலம் வெறுமை, விடை `#DIV/0!`. சரியாக எழுதியிருந்தால் F4 முதல் F7 வரை கூட்டும்போது 1 வரும்.