இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் பேசிக்கொள்ளாதபோது

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை கம்யூனிகேஷன் கேபிள் இல்லாமல் மாட்டும் வேலைகளில் அடிக்கடி பார்ப்பது ஒன்று. பேட்டரி லேபிளில் 58.4 வோல்ட் என்றிருக்கும். அதை அப்படியே சார்ஜிங் வோல்டேஜாக வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சில நாளில் சார்ஜ் ஏறும்போதே இன்வெர்ட்டர் ஓவர்வோல்டேஜ் பிழை காட்டி நின்றுவிடும். பேட்டரி பழுது என்று திருப்பி அனுப்பப்படுவதில் சில இந்த ரகம்தான்.

58.4 என்பது பேட்டரிக்குள் இருக்கும் 16 செல்லும் தலா 3.65 வோல்ட்டைத் தொடும்போது வரும் கூட்டுத்தொகை. அது எல்லை, அன்றாடம் போய் நிற்க வேண்டிய இடம் அல்ல. 16 செல்லும் ஒன்றாக மேலேறுவதும் இல்லை. ஒரு செல் முந்திக்கொண்டு 3.65-ஐத் தொடும்போது மற்ற 15-ம் 3.45-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 55.4 வோல்ட்தான். பேட்டரிக்குள் செல்களைக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் அந்த ஒரு செல்லுக்காக சார்ஜைத் துண்டித்துவிடும். இன்வெர்ட்டரோ 58.4 இன்னும் வரவில்லை என்று கரன்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளியது போக இடமில்லாததால் டிசி பக்கம் வோல்டேஜ் சட்டென எகிறும். பிழை அங்கே பிறக்கிறது.

100 ஆம்பியர்-அவர் கொண்ட 51.2 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேட்டரி வகையில் `USE` தேர்ந்தெடுத்தால்தான் வோல்டேஜைக் கையால் மாற்ற முடியும். பரவலாக விற்கும் ஒரு வகை இன்வெர்ட்டரில் `26` சார்ஜிங் வோல்டேஜ், `27` ஃப்ளோட், `29` கட்-ஆஃப், `30` ஈக்வலைசேஷன். உங்கள் மாடலில் எண் வேறாக இருக்கலாம், கையேட்டைப் பார்த்துவிடுங்கள். முதலில் ஈக்வலைசேஷனை அணைக்க வேண்டும். அது லெட்-ஆசிட்டுக்கு வேண்டிய வேலை; லித்தியத்துக்குக் கெடுதல். வெப்பநிலை காம்பென்சேஷன் இருந்தால் அதற்கும் பூஜ்யம்.

புதுப் பேட்டரிக்கு முதல் சில வாரம் சார்ஜிங் வோல்டேஜ் 55.2, அதாவது செல்லுக்கு 3.45. கரன்ட் 20 ஆம்பியர் போதும். பல பிஎம்எஸ்களில் செல்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் பேலன்ஸ் வேலை 3.4 வோல்ட்டுக்கு மேல்தான் தொடங்கும், அதுவும் மிகச் சிறிய கரன்ட்டில். மெதுவாக ஏறி அங்கேயே கொஞ்சம் நின்றால்தான் அதற்கு நேரம் கிடைக்கும். பிஎம்எஸ் செயலியில் சார்ஜ் முடியும் தறுவாயில் அதிக செல்லுக்கும் குறைந்த செல்லுக்கும் உள்ள வித்தியாசம் 30 மில்லிவோல்ட்டுக்குள் வந்தபின் 56.0 வைக்கலாம். அதற்கு மேல் போய்க் கிடைக்கும் கொள்ளளவு மிகச் சொற்பம். ஃப்ளோட் 54.0; சார்ஜ் முடிந்தபின் செல்கள் உச்சத்தில் தொங்கிக்கொண்டு இருக்காது.

எண்ணை வைப்பதற்கு முன் மல்ட்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்து, சார்ஜும் லோடும் இல்லாத நேரத்தில், இன்வெர்ட்டர் திரையோடு ஒப்பிட வேண்டும். திரை 0.3 கூடுதலாகக் காட்டினால் எல்லா அமைப்பிலும் 0.3 கூட்டிக்கொள்ளலாம். இதில் ஒரு சறுக்கல் உண்டு. 30 ஆம்பியர் சார்ஜ் ஓடும்போது ஒப்பிட்டால் கேபிளிலும் இணைப்புகளிலும் விழும் வோல்டேஜும் சேர்ந்துவிடும். 10 மில்லிஓம் இருந்தாலே 0.3 வோல்ட். முடிவில் கரன்ட் குறையக் குறைய அது தானாக மறைந்துவிடும். அதற்கும் கூட்டி வைத்தவர், தெரியாமல் செல்களை மேலே தள்ளுகிறார்.

கீழ்ப்பக்கத்தில் கவனம் வேறு. பிஎம்எஸ் செல்லுக்கு 2.5 வோல்ட் வரை விடும், அதாவது மொத்தம் 40. அதுவரை இன்வெர்ட்டரை ஓடவிட்டால் பிஎம்எஸ் முழுதாக மூடிவிடும். பேட்டரி முனையில் வோல்டேஜே இருக்காது. பேட்டரி இல்லை என்று நினைத்து சார்ஜே தொடங்காத இன்வெர்ட்டர்கள் உண்டு. ஆகவே இன்வெர்ட்டர் லோடை நிறுத்தும் கட்-ஆஃப் 48.0. அங்கே இரண்டாவது காரணமும் இருக்கிறது. லோடை நிறுத்தியபின்னும் இன்வெர்ட்டர் தனக்கென்று 40, 50 வாட் தின்னக்கூடும், அதாவது சுமார் ஓர் ஆம்பியர். மிச்சம் 5 ஆம்பியர்-அவர் என்றால் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ராத்திரி கட்-ஆஃப் ஆனால் விடியும்வரை அது தாங்க வேண்டும்.

அதனால் கிரிட் இருக்கும் இடங்களில் கட்-ஆஃபை நம்பாமல், கிரிட்டுக்குத் திரும்பும் வோல்டேஜை 51 அளவில் வைப்பது நல்லது. ஆனால் 3 கிலோவாட் லோடு இழுத்தால் 60 ஆம்பியரைத் தாண்டும். வோல்டேஜ் ஒரு வோல்ட் வரை தணியலாம். பேட்டரியில் கணிசமான சார்ஜ் மிஞ்சியிருக்கும்போதே கிரிட்டுக்கு மாறினால் காரணம் இதுதான். லோடு நின்றதும் வோல்டேஜ் 52-க்கு மேல் ஏறிவிட்டால் பேட்டரியில் குறையில்லை. 51-ஐ 50-க்கு இறக்கிப் பார்க்கலாம். ஒரு வோல்ட்டுக்கும் அதிகமாகத் தணிந்தால் எண்ணைத் தொடாமல் முதலில் கேபிள் முனைகளில் உள்ள லக்குகளைத் தொட்டுப் பாருங்கள், எது சூடாக இருக்கிறது என்று.