"சனம் என்ன கதைக்கும் எண்டு எழுதித் தாங்கோ"

கலை விழாவுக்கான தெருவெளி நாடகத்துக்கு ஒருவழியாக அனுமதி கிடைத்துவிட்டது. கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

கருப்பொருள் தேடும்போது டெங்கு, போதைப்பொருள், பிளாஸ்டிக் மூன்றையும் முதலிலேயே தள்ளிவிட்டோம். அவற்றில் யார் பக்கம் பிழை என்பது தொடங்கும் முன்பே சனத்துக்குத் தெரியும். நுண்கடன் அப்படியில்லை. அயலிலுள்ள பெண்கள் ஐந்து பேர் ஆளுக்காள் பிணை நின்று கடன் எடுக்கிறார்கள். ஒருத்தி அந்தக் கிழமைத் தவணையைக் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் போட்டுக் கட்ட வேண்டும். ஆகவே கம்பனிக்காரர் வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நிற்பாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. நாடகம் அங்கேதான் இருக்கிறது.

டச் பே கடற்கரையில் ஒத்திகை பார்த்தபோது வசனம் பாதி காற்றோடு போனது. இடையில் வந்து நின்றவர்களுக்குக் கதை பிடிபடவில்லை. அப்புறம் ஐந்து பேரின் இடுப்பையும் ஒரே கயிற்றில் கட்டினோம். ஒருத்தி தடுமாறினால் எல்லாரும் இழுபடுவார்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் விளங்கும். கருப்பொருளை முடிவு செய்யும் முன் வசனமே இல்லாமல் ஒருமுறை ஆடிப் பாருங்கள். ஒன்றும் விளங்காவிட்டால் அதை மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தெருவுக்கு வேண்டாம்.

அனுமதிக்குப் போன இடத்தில்தான் சிக்கல். எங்கள் நாடகம் பாதியில் நிற்கும். "நீங்கள் இந்த அக்காவின் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று சனத்தைக் கேட்போம், விரும்பியவர் உள்ளே வந்து நடிக்கலாம். பிரதியைப் புரட்டிய எழுதுவினைஞர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, இதிலை வசனம் இல்லையே?"

"அது பார்க்கிற சனம் கதைக்கிறது, சேர்."

"சரி, சனம் என்ன கதைக்கும் எண்டு எழுதித் தாங்கோ."

விளக்கிப் பார்த்தோம். பிரதி முழுமையாக இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார். அடுத்த தடவை சிங்களச் சுருக்கம் எங்கே என்றார். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்!

கடைசியில் எங்கள் விரிவுரையாளர்தான் வழி சொன்னார். சனம் சொல்லக்கூடியதை மூன்று வகையாகப் பிரித்து எழுதினோம்: நகையை அடகு வைப்பது, ஐந்து பேரும் சேர்ந்து கால அவகாசம் கேட்பது, இன்னொரு கம்பனியில் கடன் எடுத்து இதைக் கட்டுவது. ஒவ்வொன்றுக்கும் எங்கள் நடிகர்கள் சொல்லும் பதிலையும் சேர்த்தோம். தாள் நிரம்பியிருந்தது, சீல் விழுந்தது. அந்தப் பதில்கள் பிறகு ஒத்திகைக்கும் உதவின என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கம்பனிக்காரராக நடிப்பவர் யாரிடமும் திணறுவதில்லை.

நிறுவனப் பெயர், சின்னம், சீருடை நிறம் எதையும் பிரதியில் வைக்காதீர்கள். கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும். ஒலிபெருக்கி என்றால் பொலிஸ் அனுமதியும் வேண்டும். நாங்கள் மத்தளத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

கயிறு நைலோனாக இருக்க வேண்டாம், இடுப்பை அறுக்கும். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து முறுக்கினால் போதும்.